ரிவ்யூ இல்லாத முதல் ப்ரொப்போசல்: விலையைக் குறைப்பதா, செய்து காட்டுவதா, ஒரு பங்கு மட்டும் கேட்பதா?

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் சில வருடங்கள் பில்லிங்கும் ஸ்டாக்கும் பார்த்தவர். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே எக்செல் வேலை செய்யலாம் என்று, ஃப்ரீலான்ஸ் வேலைகளுக்கான அப்வொர்க் தளத்தில் கணக்குத் தொடங்கியிருக்கிறார். "ப்ரொப்போசல் போட்டுக்கொண்டே இருக்கிறேன் அண்ணா, ஒருத்தரும் பதில் சொல்வதில்லை. ரிவ்யூ இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். விலையைக் குறைத்துப் போடட்டுமா, இல்லை இலவசமாகக் கொஞ்சம் செய்து காட்டட்டுமா?" என்பது அவர் கேள்வி. இதே கேள்வியை வடபழஞ்சி ஐடி பார்க்கில் வேலை தேடி அலுத்த பையன்களும் கேட்கிறார்கள்.

அவர் சொன்ன இரண்டோடு மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. வேலை முழுவதையும் கேட்காமல் அதில் ஆறில் ஒரு பங்கை மட்டும், சரியான விலைக்குக் கேட்பது. மூன்றையும் ஒரே வேலையில் வைத்துப் பார்க்கலாம். ஃபைவரில் பெரும்பாலும் வாங்குபவர்தான் நம்மைத் தேடி வருவார், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன். சொல்வதெல்லாம் அப்வொர்க்கை வைத்துத்தான்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில், கிளையன்ட் கண்ணில் என்ன படுகிறது என்பது. உங்கள் கடிதம் முழுதாக அவர் முன்னால் விரிவதில்லை. வந்த ப்ரொப்போசல்கள் ஒரு பட்டியலாகத் தெரியும். உங்கள் பெயர், படம், விலை, அப்புறம் கடிதத்தின் முதல் ஓரிரு வரிகள், அவ்வளவுதான். ரிவ்யூ உள்ளவருக்கு அந்தப் பட்டியலிலேயே அவருடைய மதிப்பெண் பேசிவிடும். உங்களுக்குப் பேச வேண்டியது அந்த இரண்டு வரிகள்தான். "வணக்கம், நான் பி.காம் முடித்தவள், கடின உழைப்பாளி" என்று தொடங்கினால் அந்த இடம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கிளையன்ட்டின் பயம். ரிவ்யூ இல்லாதவரிடம் வேலை கொடுக்கத் தயங்குபவர் பணத்துக்குப் பயப்படுவதைவிட, ஃபைலைக் கெடுத்துவிடுவார்களோ, பாதியில் காணாமல் போய்விடுவார்களோ என்றுதான் அதிகம் பயப்படுகிறார். நீங்கள் எடுக்கும் வழி அந்தப் பயத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, தோற்றால் எவ்வளவு போகும் என்பது. ஒவ்வொரு ப்ரொப்போசலுக்கும் கனெக்ட் எனப்படும் அப்வொர்க் டோக்கன்கள் செலவாகும். ஒரு கனெக்ட் 0.15 டாலர். 12 கனெக்ட் கேட்கும் வேலை என்றால் 1.80 டாலர், டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 153 ரூபாய். எழுதப் போகும் நேரம் தனி.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை. வேலை முடிந்த பிறகு உங்கள் ப்ரொஃபைலில் என்ன மிஞ்சும்? அங்கே ரிவ்யூவோடு அந்த வேலைக்கு வாங்கிய தொகையும் பொதுவாகத் தெரியும். அடுத்த கிளையன்ட் அதையும் பார்ப்பார்.

## எடுத்துக்கொள்ளும் வேலை

மெல்போர்னில் ஒருவர் ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடைத் தளத்தில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கிறார், துணி இந்தியாவிலிருந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 பொருள்களின் விவரத்தைச் சீர்செய்து, கடையில் ஏற்றும்படி சிஎஸ்வி ஃபைலாகத் தர வேண்டும். பட்ஜெட் 120 டாலர். இருபது வரிசை கொண்ட மாதிரி ஃபைல் ஒன்றை விளம்பரத்தோடு இணைத்திருக்கிறார். வேலை சுமார் 12 மணி நேரம் பிடிக்கும். அப்வொர்க் எடுக்கும் கட்டணம் இப்போது வேலைக்கு வேலை மாறுகிறது, 0 முதல் 15 சதவீதம் வரை. ப்ரொப்போசல் அனுப்பும் முன்பே திரையில் காட்டிவிடுவார்கள். இங்கே 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

## வழி 1: விலையைக் குறைப்பது

120 டாலர் வேலைக்கு 40 டாலர் போடுகிறீர்கள். கட்டணம் போக 36 டாலர், 3,060 ரூபாய். 12 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 255 ரூபாய். மதுரையில் கடைக் கணக்கு எழுதி வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை. அதனால்தான் இந்த வழி இவ்வளவு பேரை இழுக்கிறது. பணம் போதாது என்று நான் இதைக் குறை சொல்லவில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மெல்போர்ன்காரர் 120 கொடுக்கத் தயாராகத்தான் விளம்பரமே போட்டார். 40 என்று பார்த்ததும் அவருக்கு மிச்சப்படும் 80 டாலர் தோன்றாது, "இவருக்கு வேலையே புரியவில்லை போலிருக்கிறது" என்றுதான் தோன்றும். அவருடைய பயம் கூடுகிறது. முதல் இரண்டு வரிகளில் சொல்லவும் இந்த வழியில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. "குறைந்த விலைக்குச் செய்து தருகிறேன்" என்று எழுதியவர்கள் பட்டியலில் ஏற்கனவே நிறையப் பேர் இருப்பார்கள்.

மறைவான செலவும் இருக்கிறது. விலையை மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர், வேலையையும் விலை பார்த்தே நடத்துவார். 300 பொருள் என்று சொன்னது 380 ஆகும், "படங்களையும் அப்படியே மாற்றிவிடுங்கள்" என்பார். முதல் ரிவ்யூ அவர் கையில் இருப்பதால் நீங்களும் மறுக்கமாட்டீர்கள். எல்லாம் முடிந்து ஐந்து நட்சத்திரம் வாங்கினாலும் பக்கத்தில் 40 டாலர் என்று நிற்கும். அடுத்த வேலைக்கு 150 கேட்டால், அந்த 40-ஐப் பார்த்தவர் பேரம் பேசத்தான் செய்வார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குறைந்த விலையும் ரிவ்யூ இல்லாத ப்ரொஃபைலும் சேர்ந்தால், அவசரத்தில் இருப்பவர் என்று ஏமாற்றுக்காரர்கள் மோப்பம் பிடிப்பார்கள். "டெலிகிராமுக்கு வாருங்கள்", "பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒப்பந்தம் போடும் முன் வெளியே பேசுவது தளத்தின் விதிக்கே மாறானது. வேலை கிடைக்க நீங்கள் கிளையன்ட்டுக்குப் பணம் கட்டும் வழக்கம் எங்கும் கிடையாது.

சரி, இது எப்போதுமே தவறா? இல்லை. தவறு நடந்தாலும் பெரிய சேதமில்லாத, ஒரு சாயங்காலத்தில் முடியும் வேலைகளுக்கு இது ஒத்துவரும். ஐம்பது விசிட்டிங் கார்டுகளைப் பார்த்து ஷீட்டில் தட்டுவது, பத்துப் பக்க பிடிஎஃப்பை வேர்டாக மாற்றுவது போன்றவை. ஆனால் அங்கேயும் 15 டாலர் பட்ஜெட் வேலைக்கு 15-ஏ போடுங்கள். 120 டாலர் வேலையை 40-க்குச் செய்வதைவிட, முதலிலேயே சின்ன வேலையைத் தேடி அதற்குரிய விலையை வாங்குவது மேல். ப்ரொஃபைலில் அது சின்ன வேலை என்றுதான் தெரியும், மலிவான ஆள் என்று தெரியாது.

## வழி 2: கொஞ்சம் செய்து காட்டுவது

இங்கேதான் நம் வாசகியின் ஜவுளிக்கடை அனுபவம் பேச ஆரம்பிக்கிறது. அந்த மாதிரி ஃபைலைத் திறந்து பார்த்தால் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதிரி ஃபைல்களில் இவை அடிக்கடி வருபவைதான்.

ஒன்று, பார்கோடு. `Variant Barcode` என்ற பத்தியில் எண்களுக்குப் பதில் `8.90123E+12` என்று இருக்கிறது. 13 இலக்க எண்ணை எக்செல் இப்படிச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால், திரையில் தெரிந்தது மட்டும்தான் ஃபைலில் போகும், மற்ற இலக்கங்கள் போய்விடும். இந்தியப் பார்கோடுகள் 890-இல் தொடங்குவதால் பல பொருள்கள் ஒரே மாதிரி தெரியும். அந்த ஃபைலை வைத்துக்கொண்டு எண்ணை மீட்கவே முடியாது. சப்ளையர் அனுப்பிய மூல ஃபைல் வேண்டும்.

இரண்டு, சைஸ். ஒரே ஃபிராக்கின் நான்கு அளவுகளுக்கு நான்கு வெவ்வேறு `Handle` கொடுத்திருக்கிறார்கள். ஷாப்பிஃபையில் ஒரே `Handle` உள்ள வரிசைகள்தான் ஒரே பொருளின் அளவுகளாகச் சேரும். இப்படியே ஏற்றினால் கடையில் நான்கு தனித்தனி ஃபிராக் வந்து நிற்கும்.

இனி கடிதத்தின் முதல் இரண்டு வரிகளை எப்படித் தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதப்போவதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "உங்கள் மாதிரி ஃபைலில் பார்கோடு எண்கள் ஏற்கனவே அழிந்துவிட்டன, சப்ளையரின் மூல ஃபைல் உங்களிடம் இருக்கிறதா? சைஸ்களும் தனித்தனிப் பொருளாக ஏறும்படி இருக்கின்றன, இரண்டு ஃபிராக்கை மட்டும் சரிசெய்து படமாக இணைத்திருக்கிறேன்." இதைப் படிக்கும் கிளையன்ட் உங்கள் மதிப்பெண்ணைத் தேடும் முன்பே ஃபைலைத் திறந்து பார்ப்பார். அதில் எண்கள் உண்மையிலேயே போயிருந்தால் பதில் எழுதாமல் இருப்பது அவருக்குக் கஷ்டம்.

இணைப்பு விஷயத்தில் ஒரு சின்னக் கவனம். தெரியாத ஆள் அனுப்பும் எக்செல் ஃபைலைத் திறக்கப் பலர் தயங்குவார்கள். முன்னும் பின்னும் ஒரே படத்தில் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். முக்கியமானதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், இணைப்பைத் திறக்காதவருக்கும் சேதி போய்ச் சேரட்டும்.

செலவு என்ன? பார்த்து, சரிசெய்து, எழுத ஒரு மணி நேரம். வேலை கிடைத்தால் 108 டாலர், அதாவது 9,180 ரூபாய். 13 மணி நேரத்துக்கு மணிக்குச் சுமார் 706. கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரமும் 153 ரூபாயும் போச்சு. ஒரு நாளில் இப்படிப் பத்துப் போட முடியாது. இரண்டு போட்டாலே அதிகம். அதனால் எதற்குப் போடுவது என்று பொறுக்கியே ஆக வேண்டும். கிளையன்ட்டின் பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டிருக்கிறதா, இதற்கு முன் ஆள் எடுத்திருக்கிறாரா, அவரிடம் வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், ப்ரொப்போசல் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டதா என்பதையெல்லாம் விளம்பரத்திலேயே பார்க்கலாம். ஐம்பது தாண்டிய வேலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து மாதிரி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடுதல் கனெக்ட் கொடுத்து மேலே வருவதற்கான ஏல வசதியும் இருக்கிறது. ரிவ்யூ இல்லாத நிலையில் அந்தக் காசுக்கு இன்னொரு நல்ல ப்ரொப்போசல் போடலாம் என்பது என் எண்ணம்.

எவ்வளவு செய்து காட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலை தெரிந்தவர் என்று காட்டும் அளவுக்கு இருக்க வேண்டும், ஆனால் அதை வைத்தே அவர் வேலையை முடித்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கக் கூடாது. 300-இல் 2 பொருள் சரி. மொழிபெயர்ப்பு என்றால் இரண்டு பக்கக் கட்டுரையில் இரண்டு வாக்கியம். ஆடியோ தட்டச்சு என்றால் முதல் அரை நிமிடம். லோகோ, தலைப்பு வாசகம் போன்றவற்றில் மாதிரியே முழு வேலை, அங்கே இந்த வழியைத் தொடவே வேண்டாம், பழைய டிசைன்களைக் காட்டினால் போதும். நீங்களாக இரண்டு வரி செய்து காட்டுவது வேறு, கிளையன்ட் "முதலில் இருபது பொருள் இலவசமாகச் செய்து அனுப்புங்கள்" என்று கேட்பது வேறு. இலவச வேலை கேட்பது அப்வொர்க் விதிக்கு மாறானது. கேட்பவரிடம், "அதையே தனித் தொகையோடு தனிப் பகுதியாக, ஒரு சின்ன மைல்ஸ்டோனாகப் போடுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையானவர் ஒத்துக்கொள்வார்.

## வழி 3: ஒரு பங்கை மட்டும் கேட்பது

கல்யாணப் பந்தியைப் புதுச் சமையல்காரரிடம் யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை, முதலில் ஒரு காதுகுத்துக்குச் சமைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இந்த வழியும் அதுதான். சமையலுக்குக் கூலி முழுதாக உண்டு.

ப்ரொப்போசல் அனுப்பும் பக்கத்தில், நிலையான விலை வேலைக்கு மொத்தமாகவா, மைல்ஸ்டோன் மைல்ஸ்டோனாகவா என்று கேட்கும். `By milestone` என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் மைல்ஸ்டோன் 50 பொருள்கள், 20 டாலர், இரண்டு நாளில். இரண்டாவது, மீதி 250 பொருள்கள், 100 டாலர். மொத்தம் அதே 120. கடிதத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "முதல் 50-ஐ உங்கள் கடையில் ஏற்றிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஏற்றும் முன் இப்போதுள்ள பொருள்களை ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்." கடைசி வாக்கியம் அவருடைய பெரிய பயத்துக்கு நேரடியான பதில். விலையைப் பாதியாக்கினாலும் அந்த நிம்மதி அவருக்குக் கிடைக்காது.

கணக்கைப் பார்த்தால், முதல் மைல்ஸ்டோனில் கட்டணம் போக 18 டாலர், 1,530 ரூபாய். 12 மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு 2 மணி நேரம்தானே என்று நினைக்கலாம். ஆகாது. `Handle` எப்படி வைப்பது, நிறங்களின் பெயரை எப்படி எழுதுவது என்று விதிகள் முடிவாவதே முதல் 50-இல்தான், அதனால் 3 மணி நேரம் பிடிக்கும். மணிக்கு 510 ரூபாய். கிளையன்ட் அங்கேயே நிறுத்தினாலும், உரிய விலையில் செய்த ஒரு வேலை கையில் இருக்கும்.

இதில் ஏமாறும் இடங்கள் மூன்று. கிளையன்ட் மைல்ஸ்டோன் பணத்தை, வேலை முடியும்வரை அப்வொர்க் பிடித்துவைக்கும் எஸ்க்ரோவில் போட்டுவிட்டாரா என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவது முதலாவது. ஆஃபர் வந்தால் மட்டும் போதாது, பணம் உள்ளே இருப்பது திரையில் தெரிய வேண்டும். இரண்டாவது, முடித்த ஃபைலை சாட்டில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. ஒப்பந்தப் பக்கத்தில் வேலையைச் சமர்ப்பிக்கும் பட்டன் வழியாக அனுப்பினால்தான், கிளையன்ட் பேசாமல் இருந்தாலும் 14 நாளில் பணம் தானாக விடுவிக்கப்படும். சாட்டில் அனுப்பியதற்கு அந்தக் கடிகாரம் ஓடாது. மூன்றாவது, ஒப்பந்தத்தைத் திறந்தபடியே விட்டுவிடுவது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே ஒத்துவராது? பிரிக்க முடியாத வேலைகளில். ஒரு பக்க இணையதளம், ஒரு லோகோ, இன்றிரவே வேண்டும் என்று துடிப்பவரின் வேலை. சிலருக்கு மைல்ஸ்டோன் என்றாலே கூடுதல் தலைவலி, மொத்தமாக முடித்துக் கொடுக்கும் ஆளைத்தான் எடுப்பார்கள்.

## பக்கத்துப் பக்கத்தில்

| | விலை குறைப்பு | செய்து காட்டுவது | ஒரு பங்கு |
|---|---|---|---|
| முதல் இரண்டு வரி | சொல்லப் புதிதில்லை | மிக வலுவானது | தனியாக வலுவில்லை |
| கிளையன்ட்டின் பயம் | கூடும் | திறமை பற்றியது குறையும் | நஷ்டம் பற்றியது குறையும் |
| தோற்றால் போவது | ₹153, சில நிமிடம் | ₹153, ஒரு மணி நேரம் | ₹153, கால் மணி நேரம் |
| ஜெயித்தால் மணிக்கு | ₹255 | சுமார் ₹706 | முதல் பங்கில் ₹510 |
| ப்ரொஃபைலில் மிஞ்சுவது | 40 டாலர் முத்திரை | 120 டாலர் வேலை | 20 அல்லது 120 டாலர் வேலை |

## யாருக்கு எது?

அட்டவணையைப் பார்த்தாலே தெரியும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. இரண்டாவது கடிதத்தைத் திறக்க வைக்கிறது, மூன்றாவது ஆஃபர் கொடுக்க வைக்கிறது. மாதிரி ஃபைலோ, பார்க்கக்கூடிய கடையோ இருக்கும் வேலைக்கு இரண்டையும் சேர்த்தே போடுங்கள். நம் வாசகிக்கு நான் சொன்னதும் இதைத்தான். ஜவுளிக்கடையில் சைஸ், நிறம் வாரியாக ஸ்டாக் பார்த்ததை மூன்றாவது வரியில் ஒரே வாக்கியமாக எழுதினால் போதும். டேலி, பி.காம் எல்லாம் ப்ரொஃபைலில் இருக்கட்டும்.

விளம்பரத்தில் எந்த ஃபைலும் இல்லை, வேலை பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறார் என்றால் செய்து காட்ட ஒன்றுமில்லை. அங்கே வேலையைப் புரிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியை முதல் வரியாக வைத்து, மூன்றாவது வழியை மட்டும் போடலாம். இதுவரை யாரையும் எடுக்காத புதுக் கிளையன்ட் என்றால் மைல்ஸ்டோனை அவருக்கு விளக்க இரண்டு வாக்கியம் கூடுதலாகச் செலவழியுங்கள், அவருக்கும் அது புதுசு.

கைக்குழந்தையோடு இருப்பவருக்கு நேரமும் ஒரு கணக்கு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்பது நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் அதே ஒன்பது நமக்கு விடியற்காலை மூன்றரை அல்லது நாலரை. காலையில் குழந்தை எழும் முன் ஆஸ்திரேலிய விளம்பரங்களைப் பார்த்தால், ப்ரொப்போசல் எண்ணிக்கை இன்னும் கூடாத வேலைகள் கிடைக்கும். மாதிரி செய்து போடுவதற்கு அதுதான் ஏற்ற நேரம்.

வேலை முடிந்ததும் ஒப்பந்தத்தை மூட வேண்டும், அதுவரை ரிவ்யூ வராது. பல கிளையன்ட்டுகள் பணத்தை விடுவித்துவிட்டு மறந்துவிடுவார்கள். "எல்லாம் சரியாக ஏறிவிட்டதென்றால் ஒப்பந்தத்தை முடித்து ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்த வேலைக்குப் புதிதாகத் திறந்துகொள்ளலாம்" என்று கேளுங்கள். மூடிய நாளிலிருந்து 14 நாள்தான் இருவருக்கும் அவகாசம். கிளையன்ட் முதல் பங்கோடு நிறுத்திக்கொண்டாலும் இதையே கேளுங்கள், 20 டாலர் வேலைக்கு எழுதும் ரிவ்யூவும் ரிவ்யூதான்.